கீமோ தொடங்கும் தோழிக்கு நாலு வரி

வணக்கம் சிஸ்டர். என் தோழிக்கு மார்பகப் புற்றுநோய். மதுரையில் ஆபரேஷன் முடிந்து, வரும் புதன்கிழமை கீமோ ஆரம்பம். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு, அப்புறம் வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கோவையில் இருக்கிறேன். வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், கூடவே போய் இருக்க வழியில்லை. நாலு வரி எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தால் எல்லாம் சினிமா வசனம் மாதிரியே வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் இருவரும் நடந்துதான் போவோம். அவளுடைய ஆச்சி வாசலில் நின்று "பேச்சுத்துணை இருந்தா தூரம் தெரியாது" என்று சொல்லி அனுப்புவார். அதை எழுதலாமா, இல்லை இந்த நேரத்தில் தப்பாகப் படுமா? அறிவுரை சொன்னால் அவளுக்கு அறவே பிடிக்காது.

— கோவையிலிருந்து ஒரு வாசகி

எழுதுங்கள். கீமோ வார்டில் பல வருஷம் ஊசி போட்டும் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நோயாளிகளின் ஃபோனில் வந்து விழுகிற வாசகங்களில் இவ்வளவு நல்லதைப் பார்ப்பது அபூர்வம். ஆச்சி அவளைத் தைரியமாக இருக்கச் சொல்லவில்லை, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவாய் என்று வாக்குக் கொடுக்கவும் இல்லை. தூரம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, கூட ஒரு ஆள் வருகிறாள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். "நீ ஜெயிச்சுடுவ", "இதுவும் கடந்து போகும்" ரகச் செய்திகள் வாங்குகிறவள் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிடுகின்றன. அவள் ஜெயிக்க வேண்டும், கடக்க வேண்டும், பதிலுக்குச் சிரித்த முகம் ஒன்றும் அனுப்ப வேண்டும். ஆச்சியின் வரியில் வேலை கூட நடக்கிறவளுக்கு, அதாவது உங்களுக்கு.

அதில்தான் சிக்கலும் இருக்கிறது. துணை என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் காணாமல் போனால், எழுதாமல் இருந்ததைவிட மோசம். முதல் கீமோ அன்று வார்டு வாசலில் ஒரு கூட்டமே நிற்கும், ஃபிளாஸ்க், ஆப்பிள், விபூதிப் பொட்டலம், வேளாங்கண்ணித் தைலம் எல்லாம் வரும், ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். வாராந்தர ஊசி தொடங்குகிற சமயம் அதே நோயாளி கணவரோடு மட்டும் வருவார், கடைசிப் பக்கம் பலர் தனியாகவே பஸ் ஏறி வந்து போவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாரும் தங்கள் அன்பு மொத்தத்தையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு என்றால் பன்னிரண்டு வாரம், அப்புறம் இன்னொரு பன்னிரண்டு, மொத்தம் 24 வாரம். எதுவும் தள்ளிப்போகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கே. அதனால் உங்கள் நாலு வரியில் பழமொழியைவிட முக்கியமானது, எந்த நாளில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. அதை எழுத அந்த 24 வாரம் எப்படிப் போகும் என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே முதலில் அது.

நீங்கள் சொல்கிற நாலும் பன்னிரண்டும் பெரும்பாலும் ஏசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இரண்டு மருந்துகள், அவை முடிந்து பாக்லிடாக்செல். (அவளுடைய டாக்டர் வேறு மருந்து எழுதியிருந்தால் நாள் கணக்கு கொஞ்சம் மாறும்.) ஏசியில் ஒன்று டாக்ஸோரூபிசின், ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக இருக்கும். வார்டில் எல்லாருக்குமே அது சிவப்பு மருந்துதான். முதலில் வாந்தியைத் தடுக்கிற ஊசிகள் போகும், பிறகு இது மெதுவாக ஏறும், பிறகு அடுத்தது, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். அன்றைக்கும் சில சமயம் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்தின் நிறம்தான் அது, ரத்தமில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் பாத்ரூமிலேயே பயந்துபோவார்கள். ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிந்தால் மட்டும் அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். பொறுத்துக்கொள்வது நம் ஊர்ப் பெண்களுக்குக் கை வந்த கலை, இந்த மருந்து விஷயத்தில் அந்தக் கலை வேண்டாம். அது நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கிவிடும்.

இப்போது கவனியுங்கள், வெளியூரிலிருந்து ஃபோன் செய்கிறவர்கள் ஏமாறுகிற இடம் இது. முதல் ஓரிரு நாள் அவள் குரல் நன்றாகவே இருக்கும். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கிற மருந்துகளில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு இருக்கும், அது தூக்கத்தைக் கெடுத்து ஆளைத் துறுதுறுவென்று வைத்திருக்கும், சிலர் ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரி அடுக்குவார்கள். நீங்கள் புதன் ராத்திரியோ வியாழனோ பேசிவிட்டு "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கா" என்று ஃபோனை வைப்பீர்கள். ஸ்டீராய்டு நின்றபின், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், அப்படியே சரிந்துவிடும். இது தூங்கினால் போகிற அசதி இல்லை. பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். அழுகையும் அந்த நாட்களில்தான் அதிகம். ஆனால் அதற்குள் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் விசாரித்து முடித்திருப்பார்கள். உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால், புதன்கிழமையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் பேச்சுத்துணை என்பதற்கும் வேறு அர்த்தம். அவளால் பேச முடியாது, பதில் டைப் செய்வதே பாரம். "எப்படிடி இருக்க?" என்று கேட்டால் அதற்குப் பதில் யோசிக்கக்கூட ஆளுக்குத் தெம்பிருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், கேள்வியே இல்லாமல். உங்கள் பையன் ஸ்கூல் பையில் பல்லி புகுந்த கதை, ஆபீஸில் மேனேஜருக்கும் ஏசி ரிமோட்டுக்கும் நடக்கிற சண்டை, பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது எதையெல்லாம் பேசினீர்களோ அந்த ரகம். நோயைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவளிடம் அவள் உடம்பைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள்.

ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் காலம். ஆள் பார்க்கக் கொஞ்சம் தெளிந்திருப்பார், பசிக்கத் தொடங்கும், வீட்டுக்குள் நடமாடுவார். ஆனால் கிருமியை எதிர்க்கிற சக்தி அப்போதுதான் மிகக் குறைவு. இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன் என்றால், ஃபோனில் பேசுகிறவள் என்பதால் "லேசா உடம்பு கதகதன்னு இருக்குடி" என்ற வார்த்தை முதலில் உங்கள் காதில் விழலாம். வீட்டில் சொன்னால் பதறுவார்கள் என்று உங்களிடம் மட்டும் சொல்வாள். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே, தெர்மாமீட்டர் வைத்தாயா? 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே ஆஸ்பத்திரி. குளிர்நடுக்கம் இருந்தால் தெர்மாமீட்டரில் காய்ச்சலே காட்டாவிட்டாலும் அப்படித்தான். பாரசிட்டமால் போட்டுப் படுத்துக் காலையில் பார்ப்போம் என்பது இந்த நேரத்தில் ஆபத்து. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே தொற்று பரவிக்கொண்டிருக்கும், சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனவர்களை நாங்கள் பார்க்கிறோம். சரியான நேரத்துக்கு வந்தால் ஆன்டிபயாட்டிக் ஊசியில் சமாளிக்கிற விஷயம் அது. வந்ததும் வாசலிலேயே "கீமோ நடக்குது, காய்ச்சல்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புறநோயாளி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இதை அவளுக்கு எழுதும் குறிப்பில் சேர்க்காதீர்கள், அவள் கணவருக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள். உங்கள் ஃபோனில் அவர் நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

தலைமுடி. முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில், அதாவது இரண்டாவது கீமோவை ஒட்டி, உதிரத் தொடங்கும். ஏசியில் அநேகமாக எல்லாருக்கும் கொட்டும். கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடக்கும், சீப்பை வைத்தால் கையோடு வரும், மண்டைத்தோல் வேறு தொட்டால் வலிக்கும். முன்னாடியே தெரியும் என்பதால் தயாராகத்தான் இருந்தேன் என்று சொல்கிறவர்கள்கூட அந்தக் காலையில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு அழாதவர், காதோரம் ஈர முடி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கையால் எடுத்து எடுத்து நாப்கினில் வைத்து மடித்து, அதை எங்கே போடுவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார். சிகிச்சை முடிந்து சில மாதத்தில் முடி திரும்ப வளர்ந்துவிடும் என்பது உண்மைதான். அந்தக் காலையில் அதைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. நீங்கள் மதுரைக்கு ஒரு தடவைதான் போக முடியும் என்றால் முதல் கீமோவுக்குப் போகாதீர்கள், அன்றைக்கு ஆள் நிறைய இருக்கும். இரண்டாவதுக்குப் போங்கள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தாலோ பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலோ அன்று மட்டும் போக வேண்டாம். அதற்காக அவள் வருத்தப்பட மாட்டாள், டாக்டர் சந்தோஷப்படுவார்.

போகும்போது சாப்பாடு. ஒரு எச்சரிக்கை, அவளுக்கு ரொம்பப் பிடித்த பண்டத்தைக் கீமோ அன்றைக்குக் கொண்டுபோகாதீர்கள். குமட்டல் வருகிற நாளில் சாப்பிட்டதை மனசு குமட்டலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும், அப்புறம் வருஷக் கணக்கில் அந்த வாசனையே ஆகாமல் போய்விடும். ஜிகர்தண்டாவை அப்படிப் பறிகொடுத்த மதுரைக்காரர் ஒருவர் இன்னும் என்னிடம் புலம்புவார். தாளிக்கிற வாசனை, வெங்காயம் வதக்குகிற வாசனை இதெல்லாம் அந்த வாரம் பலருக்கு ஆகாது, வாயில் இரும்பு வாடை அடிக்கும், புண் வந்தால் காரம் தொட முடியாது. ஆறின தயிர்சாதம், மசித்த இட்லி, இப்படி வாசனை எழும்பாதது தேவலை. நேற்று இறங்கியது இன்று இறங்காது, அதனால் "இதையெல்லாம் சமைச்சு எடுத்துட்டு வர்றேன்" என்று குறிப்பில் எழுத வேண்டாம், அன்று காலை கேட்டுக்கொள்ளுங்கள். முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு என்று யாராவது உங்களுக்கு அனுப்பியதை அவளுக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். சாறு கஷாயம் எதுவானாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான், சில மூலிகைகள் மருந்தோடு மோதும்.

தேதி விஷயம் இன்னும் ஒன்று. ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால், பெரும்பாலும் முந்தின நாள், ரத்தப் பரிசோதனை இருக்கும். அணுக்கள் ஏறவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிடுவார்கள். இது சாதாரணம், சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பையைக் கட்டி, மனசையும் கட்டி வைத்திருக்கிறவளுக்குத் திரும்பிப் போ என்றால் எப்படி இருக்கும்? காலண்டரில் கட்டம் போட்டு "இன்னும் பதினஞ்சுதான்" என்று எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள்தான் அன்று ரொம்ப நொறுங்கிப்போகிறார்கள். அதனால் உங்கள் குறிப்பில் முடிவுத் தேதி வேண்டாம், "தீபாவளிக்குள்ள முடிஞ்சுடும்" மாதிரி எதுவும் வேண்டாம். ஆச்சியும் இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை பாருங்கள்.

இப்போது குறிப்பு. உங்கள் பேச்சு எனக்குத் தெரியாது, அதனால் இதை அப்படியே எழுத வேண்டாம், ஆனால் இந்த அளவு, இந்த வரிசை:

"ஏய், புதன்கிழமை ஆரம்பிக்கிறாங்கன்னு சொன்ன. இதைப் பத்தி என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலடி, அதனால ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் பண்ணுவேன். எடுக்கத் தோணலன்னா விட்டுடு, திரும்ப அடிக்க மாட்டேன். மருந்து ஏறி நாலஞ்சு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும், பதில் போடாத. ஆச்சி சொல்லும்ல, பேச்சுத்துணை இருந்தா தூரம் தெரியாதுன்னு. உன்னால பேச முடியாதப்போ நான் பேசிக்கிறேன். ரெண்டாவது தடவைக்கு வர்றேன், லீவு சொல்லியாச்சு. தேதி தள்ளிப் போனா லீவையும் தள்ளிக்கலாம்."

இவ்வளவுதான். படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதுவும் காரணத்தோடுதான். கீமோ நாட்களில் ஞாபகம் பிசகும், நாலாவது வரி படிக்கும்போது முதல் வரி மறந்துபோகும். சின்னதாக இருந்தால் ராத்திரி தூக்கம் வராதபோது இன்னொரு தடவை படிக்கலாம்.

ஆச்சியின் வரி ஆரம்பத்தில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் வரியிலேயே வைத்தால் அது காலண்டர் வாசகம் ஆகிவிடும், கடைசியில் வைத்தால் மேடைப்பேச்சு முடிகிற மாதிரி இருக்கும். ஒன்பது மணி ஃபோன், ஞாயிற்றுக்கிழமைச் செய்தி, இந்த இரண்டும் சொல்லிவிட்ட பிறகு நடுவில் வந்தால், எந்தப் பேச்சு, என்றைக்குத் துணை என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் அந்த வரி பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும். ஒரே ஒரு தடவைதான். அதை இழுத்து நீட்டி முள், மேடு, இருட்டு, விடியல் என்று போனீர்கள் என்றால் நீங்கள் பயந்த சினிமா வசனம் அங்கேயே ஆரம்பம். ஆச்சியின் குரலிலேயே, "சொல்லும்ல" என்று விடுங்கள். நம் ஊரில் நடப்பதைப் பற்றிச் சொலவடைக்குப் பஞ்சமில்லை, வேறு ஒன்று தேடிப் போக வேண்டாம். "நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை" என்று ஒருவர் நல்ல எண்ணத்தில் அனுப்பியதைப் படித்துவிட்டு, கட்டிலில் படுத்தபடி "நான் இப்ப எந்தக் கட்சி சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்ட நோயாளி உண்டு.

"பதில் போடாத" என்பதை வெட்டிவிடாதீர்கள், நான் அந்தக் குறிப்பில் மிகவும் மதிக்கிற வரி அது. பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் நோயாளியின் தலைமாட்டில் வளர்ந்துகொண்டே போகும், அத்தை, ஆபீஸ், பிள்ளையின் டீச்சர், மாடி வீடு. அந்தப் பட்டியலில் இல்லாத ஒரே ஆளாக நீங்கள் இருக்கலாம். ஆனால் எழுதினால் எழுதினபடி இருக்க வேண்டும். ஒரு வாரம் பதிலே வரவில்லை என்றதும் "கோவமா?" என்று கேட்டீர்களானால் அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. நிஜமாகவே கவலையாக இருந்தால் அவள் கணவரைக் கேளுங்கள்.

எந்த ஸ்டேஜ், ரிப்போர்ட் என்ன சொல்லுது, எவ்வளவு ஆச்சு, இதெல்லாம் குறிப்பிலும் வேண்டாம், ஃபோனிலும் நீங்களாகக் கேட்க வேண்டாம். அவளாகச் சொன்னால் காது கொடுங்கள், உங்கள் பெரியம்மாவுக்கும் இதேதான், இன்றைக்கு நன்றாக இருக்கிறார் என்று நடுவில் புகாதீர்கள். மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை, பெரியம்மாவுக்கு வந்தது வேறாக இருக்கும். பண உதவி செய்கிற நிலையில் இருந்தால் அதைத் தனியாக, அவள் கணவரிடம், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று இல்லாமல் இவ்வளவு என்று தொகையைச் சொல்லிச் செய்யுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறார்களா, ஆஸ்பத்திரியில் அதற்கான கவுன்டரில் பேசிவிட்டார்களா என்று விசாரிப்பதும் ஒரு நல்ல உதவி. அலைச்சலில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அனுப்புகிற நேரம். புதன் காலை அனுப்பாதீர்கள், அன்று ஃபோன் யார் கையில் இருக்கும் என்றே தெரியாது, உங்கள் செய்தி அறுபது கும்பிடு கைகளுக்கு நடுவில் புதைந்துவிடும். செவ்வாய் ரத்தப் பரிசோதனை, பை கட்டுகிற நாள். திங்கள்கிழமை சாயங்காலம் சரியாக இருக்கும். பள்ளி நண்பர்கள் குழு எதிலும் போடாமல் அவளுக்கு மட்டும்.

இன்னொரு குறிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது, அதை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நாலு ஏசியும் முடிந்து வாராந்தர மருந்து தொடங்குகிற வாரம். அது லேசானது என்று எல்லாரும் சொல்வார்கள், வாந்தி விஷயத்தில் அது உண்மையும்கூட. முதல் ஓரிரு தடவை ஒவ்வாமை வருகிறதா என்று சிஸ்டர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், அதைத் தடுக்கப் போடும் ஊசியில் ஆள் அங்கேயே தூங்கிவிடுவார். பல்லைக் கடிக்க வைப்பது அதன் தினுசு. வாராவாரம் போக வேண்டும், அசதி தேங்கிக்கொண்டே போகும், பாதி தாண்டியதும் விரல் நுனியும் கால் நுனியும் மரத்துப்போக ஆரம்பிக்கலாம். ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது, டம்ளர் நழுவும், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பார்கள். இதை டாக்டரிடம் சொன்னால் மருந்து அளவைக் குறைப்பார்கள் அல்லது கொஞ்சம் இடைவெளி விடுவார்கள், ஆனால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் நிறையப் பேர் வாயே திறப்பதில்லை, அந்த மரமரப்பு சிலருக்குப் போகாமலே தங்கிவிடுகிறது. ஃபோனில் பேசும்போது "கொக்கி மாட்ட முடியுதா?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். "எப்படி இருக்க?" என்பதற்கு நல்லாயிருக்கேன் என்றுதான் பதில் வரும், கொக்கிக்கு உண்மை வரும்.

அந்தக் குறிப்பில் ஆச்சி வேண்டாம். "இனிமே வாரா வாரமா, சரி, அப்ப நானும் வாரா வாரம்" என்று இரண்டு வரி போதும், வாராவாரம் முடியும் என்றால் மட்டும். முடியாது என்றால் மாதம் இரண்டு என்று எழுதுங்கள், அதைத் தவறவிடாதீர்கள். பன்னிரண்டும் முடிந்த அன்று கேக் படம் அனுப்புவதற்கு முன் அடுத்து என்ன என்று அவள் கணவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், பலருக்கு அதற்குப் பிறகு சில வாரம் ரேடியேஷன் இருக்கும், வாரத்துக்கு ஐந்து நாள் போய்வர வேண்டும், சிலருக்கு அதன் பின் வருஷக் கணக்கில் மாத்திரை.

திங்கள்கிழமை அனுப்பிவிட்டுச் செவ்வாய் ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கிற நேரம் அது என்றால் ஒன்பதரை என்று எழுதுங்கள், எழுதின நேரம் எதுவோ அதுதான் எல்லாத் தடவையும்.